ஆடிக் காற்றில் தொடங்கும் வேண்டுகோள்

உடுமலையில் மில் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் சிறு சங்கம் ஒன்றுக்காக, நன்கொடை கேட்கும் வீடியோவின் வசனத்தைத் திருத்தி எழுதினேன். பார்க்கப்போகிறவர்கள் வெளிநாட்டில் குடும்பத்தோடு இருக்கும் ஊர்க்காரர்கள். அதன் சில வரிகளுக்கு உரை இது.

"காத்து கேக்குதுங்களா? ஆடி பொறந்தாச்சு."

பழைய வசனம் சங்கம் தொடங்கிய ஆண்டு, நிர்வாகிகள் பெயர், பொன்னாடை என்று ஒரு நிமிடம் ஓடியது. அது மேடைக்குரிய வரிசை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து தென்னையை வளைக்கும் காற்று, உடுமலையில் வளர்ந்தவருக்குப் படம் இல்லாமலே ஊரைக் காட்டிவிடும். அதனால் முதல் பத்து விநாடிக்கு இசை வேண்டாம், காற்றின் சத்தத்தை நேரில் பதிவு செய்து வையுங்கள் என்றேன். 'கேக்குதுங்களா' என்றது, இந்த 'ங்க' அவர்கள் அங்கே தினமும் கேட்காதது என்பதால். அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு இது புரியாமல் போகலாம். அவர்களுக்காகத் திரையின் கீழே ஆங்கில வரி ஓடும்.

"ஆறு மணிக்கு அம்மா ஷிப்டுக்குப் போயிருவாங்க. சாவி பக்கத்து வீட்டு அக்காகிட்ட இருக்கும்."

இந்த இடத்தில் முன்பு இத்தனை குடும்பங்கள், இத்தனை பிள்ளைகள் என்ற கணக்கு இருந்தது. டெபோரா ஸ்மால், லோவன்ஸ்டீன், ஸ்லோவிக் மூவரும் 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே உதவும். கையில் ஐந்து டாலர் இருந்தவர்களிடம் ஆப்பிரிக்கப் பசிக்கு உதவி கேட்டார்கள். மாலி நாட்டுச் சிறுமி ரோக்கியா ஒருத்தியைப் பற்றி மட்டும் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். புள்ளிவிவரம் மட்டும் படித்தவர்கள் கொடுத்தது 1.14. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் 1.43. சிறுமியின் பக்கத்தில் கணக்கை வைத்ததுமே கை சுருங்கிவிட்டது. ஆகவே கணக்கை இங்கிருந்து எடுத்துவிட்டேன்.

ஆனால் ரோக்கியாவைப் போல முகமும் பெயரும் காட்ட நான் சம்மதிக்கவில்லை. அந்தச் சிறுமியைப் பார்த்தவர்கள் அவளுக்கு அண்டை வீட்டார் அல்லர். இந்த வீடியோவோ மறுநாளே உடுமலை வாட்ஸப் குழுக்களுக்குத் திரும்பி வரும். பஸ்ஸில், பள்ளியில், சொந்தக்காரர் கல்யாணத்தில் அந்தப் பிள்ளையைப் பார்த்து, 'காசு கேட்ட பொண்ணு' என்று யாராவது சொல்லிவிடக்கூடும். பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் அந்தச் சொல் வயதாகும்வரை ஒட்டிக்கொண்டிருக்கும். எனவே காட்சியில் கதவும் சாவியும் நோட்டைத் திருப்பும் விரல்களும் மட்டுமே வருகின்றன. ஒருத்தியின் மாலைப்பொழுது கண்ணில் நிற்கிறது, அவள் யார் என்று தெரியாது. 'பாவம்', 'ஏழை' என்ற சொற்களும் இல்லை. அம்மா வேலைக்குப் போகிறார், அவ்வளவுதான்.

"ஒரு பிள்ளைக்கு மாசம் 620 ரூபாய்."

'தாராளமாக உதவுங்கள்' என்றால் எவ்வளவு என்று தெரியாமல் பலர் தள்ளிப்போடுவார்கள். 620 என்றது, அது உண்மையான கணக்கு என்பதால். இரண்டு ஆசிரியர்களுக்கு 12,000, முப்பது பிள்ளைகளுக்கு 22 நாள் பத்து ரூபாய் வீதம் சுண்டல் 6,600, ஆக 18,600. முப்பதால் வகுத்தால் 620. இந்த வகுத்தல் அப்படியே திரையில் ஓடுகிறது. 600 என்று எழுதினால் குத்துமதிப்பாகத் தோன்றும். இங்கே கணக்கு வரலாம், ஏனென்றால் மனம் இளகிய பிறகு நம்பிக்கை கேட்கும் இடம் இது. 'நீங்கள் குடிக்கும் காப்பி விலைதான்' என்ற பழைய வரியை அடித்துவிட்டேன். கொடுக்க வந்தவரைக் குற்றவாளி ஆக்கும் பேச்சு அது.

"வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கினவங்க தயவுசெய்து இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்ப வேண்டாம்."

நெகிழ்ந்து நிற்கும் நேரத்தில் இப்படி ஒரு வரியா என்று சங்கத்தில் வருத்தப்பட்டார்கள். ஆனால் சங்கத்தைக் காப்பது இந்த வரிதான். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் எந்த நாட்டில் இருந்தாலும், தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய அதே ஊர்க்காரர், ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் முன் வெளிநாட்டவர். அவர் பணத்தைப் பெற 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணம் முதலில் ஸ்டேட் பாங்கின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் திறந்த கணக்குக்குத்தான் வரவேண்டும். பதிவு கேட்கும் சங்கம் பொதுவாக மூன்று ஆண்டாவது இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் செலவழித்திருக்கவும் வேண்டும். மாதம் 18,600 செலவழிக்கும் சங்கத்துக்கு அது எட்டாத உயரம். ஒரே வீட்டில் கணவர் இந்தியக் குடிமகன், மனைவி அமெரிக்கக் குடிமகள் என்றும் இருக்கும். யார் கணக்கிலிருந்து பணம் வருகிறது என்று பார்த்து, அவருடைய பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பணம் அனுப்ப முடியாதவர்களை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது. அதற்காக அடுத்த வரி: "சனிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் வீடியோ காலில் வாங்க. புள்ளைங்களுக்கு ஒரு கதை படிச்சுக் காட்டுங்க."