உத்தரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டு: வகுப்பறைச் சான்றாக ஒரு வாசிப்பு

முன்னுரை

சோழர் ஆட்சியைக் கற்பிக்கும் வகுப்புகளில் மாணவர் கையில் தரப்படும் மூலச்சான்றுகளுள் உத்தரமேரூர்க் கல்வெட்டு முதன்மையானது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்த முறையை அது விரித்துரைக்கிறது. கையேட்டில் அச்சாவது பெரும்பாலும் இப்பகுதியே. அதன்கீழ் அமையும் வினாக்களும் மூன்றாக முடிகின்றன: இதை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், இதில் வெளிப்படும் சார்பு யாது? முதல் வினாவுக்குச் 'சோழ மன்னன் பராந்தகன்' என்றும், இரண்டாவதற்கு 'ஊர் மக்கள்' என்றும் விடை எழுதுவது எளிது. அவ்வாறு எழுதிவிட்டால் மூன்றாம் வினாவுக்கு விடையே கிடைப்பதில்லை. முதல் இரண்டு விடைகளும் ஏன் பொருந்தாதவை என்பதையும், அவற்றைத் திருத்தினால் சார்பு எங்கே புலப்படுகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

எழுதியவர்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் இச்சான்று பொறிக்கப்பட்டுள்ளது. முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 919) ஒன்றும், 14ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 921) மற்றொன்றுமாக இரண்டு கல்வெட்டுகள் அங்கு உள்ளன. வெ. வெங்கையா இவற்றை ஆராய்ந்து, இந்தியத் தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையில் வெளியிட்டார். கையேடுகளில் இடம்பெறும் பகுதி இரண்டாவது கல்வெட்டைச் சார்ந்தது.

இரு கல்வெட்டுகளும் மன்னன் பெயராலும் ஆட்சியாண்டாலும் தொடங்குகின்றன. எனவே மன்னனே எழுதியவன் எனக் கொள்வது இயல்பாகத் தோன்றும். ஆனால் மன்னன் பெயர் இங்குக் காலத்தைக் குறிக்கும் முறையாகவே நிற்கிறது. பேசும் குரல் உத்தரமேரு சதுர்வேதிமங்கலத்துச் சபையினுடையது; 'நாங்கள்' இவ்வாறு ஏற்பாடு செய்தோம் எனத் தன்மைப் பன்மையில் அது அமைகிறது. மன்னனிடமிருந்து ஸ்ரீமுகம் வந்தது, அவன் ஆணைப்படி ஓர் அதிகாரி உடனிருந்தார் என்பவையும் சபையின் கூற்றாகவே பதிவாகின்றன. அவ்வதிகாரி 919இல் தத்தனூர் மூவேந்தவேளான் என்றும், 921இல் சோமாசிப்பெருமான் என்றும் குறிக்கப்படுகிறார்.

எழுதியவர் என்ற சொல்லை நேர்ப்பொருளில் கொண்டால் மூன்றாவதாக ஒருவர் எஞ்சுகிறார். பெருமக்கள் பணித்தபடி எழுதினேன் என்று இறுதியில் தன் பெயரைக் குறித்துள்ள மத்யஸ்தனே அவர். அவர் சபையின் பணியாளர். குடத்திலிருந்து எடுத்த ஓலையை வாங்கி உரக்கப் படிக்க வேண்டியவரும் மத்யஸ்தனே என விதி கூறுகிறது. தன்னைப் போன்றோரின் கைகளைக் கட்டுப்படுத்தும் விதியை, ஆணைக்கு உட்பட்டு, அவரே எழுதினார். இடப் பற்றாக்குறையால் கையேடுகள் முதலில் நீக்கும் வரிகளுள் இந்த ஒப்ப வரியும் ஒன்று. யார் எழுதியது என்று வினவும் கையேட்டில் இதுவே நீக்கத் தகாத வரி.

யாருக்காக

சதுர்வேதிமங்கலம் என்பது பிராமணர்க்கு வழங்கப்பட்ட பிரமதேயக் குடியிருப்பு. சோழர் கால வட்டார அமைப்பில் வேளாண் குடிகளின் மன்றம் 'ஊர்' எனப்பட்டது. வணிகர் குழு 'நகரம்' எனப்பட்டது. பிரமதேய நிலவுடைமையாளர் கூடியதே 'சபை'. இக்கல்வெட்டின் விதிகள் சபைக்கு மட்டுமே உரியவை. அவ்வூரில் வாழ்ந்த எல்லோரையும் அவை தழுவவில்லை. இளையோர் முதல் முதியோர் வரை அனைவரும் கூடிய கூட்டத்தில் குடவோலை எடுக்கப்பட்டது என்ற குறிப்பு, கையேட்டு வாசகரை ஏமாற்றக்கூடியது. அங்கே குறிக்கப்படுவது மகாசபையின் முழுக்கூட்டமே.

தகுதி விதிகள் இதை உறுதி செய்கின்றன. வாரியத்திற்குப் பெயர் எழுதப்படுபவர் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் உடையவராக இருத்தல் வேண்டும். மந்திர பிராமணத்தைக் கற்பிக்கும் அளவுக்குக் கற்றிருத்தல் வேண்டும். ஒரு வேதத்திலும் பாடியங்கள் நான்கனுள் ஒன்றிலும் வல்லவர் எனில் அரைக்கால் வேலி போதும். கல்விக்காக நில அளவு பாதியாகக் குறைகிறதே தவிர, நிலமே இல்லாதவர்க்கு இடமில்லை. 30 குடும்புகளாகப் பிரித்து ஓலை எழுதப்பட்டது என்னுமிடத்தில் 'குடும்பு' என்பதற்கு 'வார்டு' என்று பொருள் எழுதும்போது, மாணவர் மனத்தில் இன்றைய நகராட்சி வந்து அமர்ந்துவிடுகிறது. 'தேர்தல்', 'வேட்பாளர்' ஆகிய சொற்களும் இத்தகையவையே. கல்வெட்டில் வாக்களிப்பு இல்லை. தகுதியுடையோருள் திருவுளச்சீட்டு மட்டுமே உண்டு.

இச்சொல்லாட்சிக்கும் ஒரு வரலாறு உண்டு. காசி பிரசாத் ஜெயஸ்வாலின் இந்து அரசியல் குறித்த நூல் 1924இலும், கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறும் ஆட்சியும் பற்றிய ஆய்வுகள் 1932இலும் வெளிவந்தன. தன்னாட்சிக்கு இந்தியர் தகுதியற்றவர் என்ற காலனிய வாதத்திற்கு மறுமொழி தேவைப்பட்ட காலம் அது. அக்காலத் தேவை கல்வெட்டின் மொழிபெயர்ப்பிலும் படிந்தது. ஆகவே மாணவர் கையிலுள்ள தாளில் இருவர் சார்பு அடுக்காக அமைந்துள்ளது: சபையின் சார்பு ஒன்று, அதைத் தமக்கென வாசித்த இருபதாம் நூற்றாண்டின் சார்பு மற்றொன்று.

யாருக்காக என்ற வினாவுக்கு இடமும் விடை தருகிறது. கல்வெட்டு உள்ள மண்டபம் சபை கூடிய இடமாகக் கருதப்படுகிறது. தமிழோடு வடசொற்களைக் கிரந்தத்தில் கலந்து எழுதிய இவ்வாசகம், அங்கே அமர்ந்து நடைமுறையை நடத்துவோரும் அரசு அதிகாரிகளும் பார்ப்பதற்கானது. அடுத்த ஆண்டு வாரியம் அமைக்கும்போது சுட்டிக்காட்டத்தக்க சட்டமாகவே அது சுவரில் நின்றது.

இரண்டு ஆண்டுகளின் இடைவெளி

சான்றின் உண்மையான வளம் அதன் இரட்டைத் தன்மையில் உள்ளது. 919இல் ஒரு ஏற்பாட்டைக் கல்லில் வெட்டியவர்கள் 921இல் மீண்டும் வெட்டினர். முன்னதில் வயது வரம்பு 30 முதல் 60 வரை. பின்னதில் 35 முதல் 70 வரை. முன்னதில் குடவோலை எடுக்கும் முறை சுருக்கமாக முடிகிறது. பின்னதில் அது படிப்படியாக விரிகிறது. ஒவ்வொரு குடும்பின் ஓலைகளும் தனித்தனிக் கட்டாகக் கட்டப்பட்டுக் குடத்தில் இடப்பட வேண்டும். அப்போது ஊரிலிருக்கும் நம்பிமார் ஒருவர் விடாமல் நடுவில் அமர வேண்டும். அவருள் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒரு கட்டை எடுக்க, அது வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கப்படும். அதிலிருந்து அவன் எடுக்கும் ஓர் ஓலையை மத்யஸ்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் ஏற்க வேண்டும். அவன் படித்தபின் அங்குள்ள நம்பிமார் அனைவரும் படிக்க வேண்டும்.

ஐந்து விரலும் விரிய வேண்டும் என்பது எதிர்பார்ப்பவர் இன்றி எழுதப்படும் வாசகமன்று. விரலிடுக்கில் வேறோர் ஓலை இருக்கக்கூடும் என்ற ஐயமே அதை எழுத வைத்திருக்க வேண்டும். ஒருவரே படித்தால் பெயரை மாற்றிப் படிக்கலாம் என்ற ஐயமே அனைவரையும் படிக்கச் செய்தது. சபை தன்னைப் பற்றிச் சொல்ல விரும்பியது ஒழுங்கு. சொல்ல விரும்பாமல் சொல்லிவிட்டது தன் உறுப்பினர் மீதான நம்பிக்கையின்மை.

தகுதியின்மைப் பட்டியலும் அவ்வழியே பேசுகிறது. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் விலக்கப்படுகிறார். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் விலக்கப்படுவதோடு, அவருடைய தாய்வழி, தந்தைவழி உறவினரும் மணவழி உறவினரும் நீண்ட வரிசையாகப் பெயரிடப்பட்டு விலக்கப்படுகின்றனர். கணக்கு எழுதுபவர் தம் கணக்கைத் தாமே ஒப்படைத்துக் குற்றமற்றவர் எனப்படும் வரை மறுகணக்கில் புகக்கூடாது. அவருக்காக வேறொரு கணக்கர் வந்து முடித்துத் தரவும் கூடாது. தோட்டமும் ஏரியும் பொன்னும் வாரியங்களின் கையில் இருந்தன என்பதை நினைத்தால், இக்கவலையின் காரணம் விளங்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. விதி ஒன்றைக் கண்டவுடன் அதற்கு முன் குற்றம் ஒன்று நடந்தது என முடிவுகட்ட இயலாது. பட்டியலில் மகாபாதகம் செய்தோரும் இடம்பெறுகின்றனர். அது தரும சாத்திர மரபிலிருந்து வரும் வாய்பாடு. உத்தரமேரூரில் நடந்த கொலைக்கோ களவுக்கோ அது சான்றாகாது. வாய்பாட்டையும் வட்டார அனுபவத்தையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. நூல் மரபில் காணப்படுவதை வாய்பாட்டின் பக்கம் வைக்கலாம். கணக்கர், உள்ளங்கை, இரண்டாம் குடம் போல் அவ்வூரின் நடைமுறைக்கே உரிய நுணுக்கத்தை அனுபவத்தின் பக்கம் வைக்கலாம். முதற்கல்வெட்டில் சுருங்கியிருந்து இரண்டாவதில் விரிந்தவை இந்த இரண்டாம் வகைக்கு மேலும் வலுச்சேர்க்கின்றன. அப்போதும் நிறுவப்படுவது ஐயமே, நிகழ்ச்சியன்று.

கழுதை ஏறியோர் என்றொரு வகையினரும் விலக்கப்படுகின்றனர். இதைத் தண்டனையாகக் கழுதைமேல் ஏற்றப்பட்டவர் எனக் கொள்ளலாம். தீட்டு சார்ந்த தடையாகவும் கொள்ளலாம். கையேட்டில் இவ்வரியைச் சேர்த்தால் மாணவர் சிரிப்பர் என்று நீக்கிவிடுவது நட்டமே. பொருள் உறுதிப்படாத வரி ஒன்று எதிரில் இருக்கும்போதுதான், மற்ற வரிகளின் பொருளும் யாரோ ஒருவரால் உறுதி செய்யப்பட்டது என்பது உறைக்கும்.

பேசப்படாதோர்

குடவோலையால் தெரிந்தெடுக்கப்பட்ட 30 பேரில் அகவையிலும் கல்வியிலும் முதிர்ந்தவராய், முன்பு தோட்ட, ஏரி வாரியங்களில் இருந்த 12 பேர் சம்வத்சர வாரியத்திற்கும், மற்றொரு 12 பேர் தோட்ட வாரியத்திற்கும், 6 பேர் ஏரி வாரியத்திற்கும் செல்கின்றனர். பணிக்காலம் 360 நாள். உத்தரமேரூரின் பேரேரியான வைரமேக தடாகத்தின் மேலாண்மை அந்த 6 பேரைச் சார்ந்தது. ஏரியில் தூர் எடுத்தவர், கரையில் மண் சுமந்தவர், அந்நீரால் உழுத குடிகள், பெண்கள் எவரும் இவ்வாசகத்தில் பெயரளவிலும் இல்லை. சபை அவர்களை மறைத்தது என்று கூறுவது மிகை. நிலமும் வேதமும் உடையோர் தமக்குள் பதவியைப் பகிரும் விதிமுறையில் அவர்களுக்கு வேலையில்லை. ஆயின் அதே வாசகத்தை 'ஊர் மக்களாட்சி' என்னும் தலைப்பின்கீழ் அச்சிடும்போது, சபையின் மௌனம் கையேட்டின் கூற்றாக மாறிவிடுகிறது.

ஆதலின் கையேட்டில் இடம் எட்டு வரிக்கே உண்டெனில், தெரிவும் அதற்கேற்ப அமைய வேண்டும். குடத்தைக் குலுக்கும் காட்சிக்கு மூன்று வரி போதும். எஞ்சியவற்றில் நிலத்தகுதி ஒன்று, 919இன் வயது வரம்பு ஒன்று, 921இன் வயது வரம்பு ஒன்று, கணக்குக் காட்டாதோர் பற்றியது ஒன்று, மத்யஸ்தனின் ஒப்ப வரி ஒன்று எனச் சேர்த்தால், மூன்று வினாக்களுக்கும் விடை தாளுக்குள்ளேயே கிடைக்கும்.