ஐந்தாவது காசு
வரலாற்றுத் தொடர் – அத்தியாயம் 6

பாறசாலை வீட்டுத் திண்ணையில் பாட்டியின் நகைப்பெட்டி திறந்து கிடக்க, இரண்டு பேத்திகளும் முகம் கொடுத்துப் பேசாமல் உட்கார்ந்திருந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். மகன் வழிப் பேத்தி நெய்யாற்றின்கரையில் இருப்பவள். மகள் வழிப் பேத்தி எல்லைக்கு அந்தப் பக்கம் களியக்காவிளையில் வாழ்க்கைப்பட்டவள். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது ஒரே குடும்பம் இரண்டு மாநிலமாகிப் போனது.

"பாம்படம் எங்க அம்மைக்குப் பேசி வச்சது மைனி. நீங்க வளையலை எடுத்துக்கிடுங்க."

"பெரிய சாமானம் உங்களுக்கு, மிச்சம் எனக்கா?"

அப்ரைசர் பெரியவர் இருவரையும் கையமர்த்தினார். பாம்படத்தைத் தராசில் வைத்தார்: 38 கிராம். பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தார்: 26 கிராம்தான்.

"முழுக்கத் தங்கமா இருந்தா தண்ணிக்குள்ள 36 காட்டணும். உள்ள அரக்கு அடைச்சிருக்கு. கணக்குப் போட்டா தங்கம் 26 கிராம் வரும், மிச்சம் 12 அரக்கு. உள்ள எங்கயாச்சும் காலியா இருந்தா தங்கம் இன்னும் கொஞ்சம் கூடும். உருக்கிப் பார்த்தாத்தான் தீர்மானமாத் தெரியும், ஆனா உருக்கினா பாம்படம் இருக்காது."

அடுத்து வளையல், 24 கிராம். உரைகல்லில் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் 22 காரட் ஊசியால் இன்னொரு கோடு. இரண்டிலும் ஒரு சொட்டு அமிலம் விட்டார். ஊசிக் கோடு அப்படியே நின்றது. வளையல் கோடு மங்கியது.

"14 காரட். 1963 ஜனவரியில மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல புது நகை செய்யக் கூடாதுன்னு சட்டம். அந்த நாள் வளையல் இது. சுத்தத் தங்கம் 14 கிராம் தேறும்."

இருவரும் ஏறிட்டுப் பார்க்காத காசுமாலை கடைசியாக வந்தது. கண்ணி வைத்த ஐந்து சவரன். கண்ணியைக் கழித்தால் ஒவ்வொன்றும் எட்டு கிராமுக்குச் சற்றே குறைவு, எல்லாம் 22 காரட். ஐந்திலும் சேர்த்துச் சுத்தத் தங்கம் 36 கிராமுக்கு மேல். பெட்டியில் விலை கூடிய பொருள் அதுதான் என்று தெரிந்ததும் இருவர் குரலும் தணிந்தது. பாம்படம் ஒருத்திக்கு, வளையல் மற்றவளுக்கு, காசுகளைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்ற பேச்சு வந்தது.

பெரியவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை.

"நாலு காசுல வருஷம் 1918. வருஷத்துக்கு மேல 'ஐ' எழுத்து இருக்கு, பம்பாய் அக்கசாலை முத்திரை. இந்த அஞ்சாவதுலயும் அதே எழுத்து இருக்கு. ஆனா வருஷம் 1917. பம்பாயில சவரன் அடிச்சது 1918 ஒரே வருஷம்தான் மக்களே."

"அப்போ இது?"

"தங்கம் அசல். காசு போலி."

காசைப் புரட்டிக் கண்ணியைக் காட்டினார். மற்ற நான்கின் கண்ணிகளும் நூல் உரசித் தேய்ந்து மெலிந்திருந்தன. ஐந்தாவதன் கண்ணியில் ஒரு கீறல்கூட இல்லை.

"இது இந்த மாலைக்குள்ள வந்து ரொம்ப நாளாகல. பெட்டிச் சாவி இதுவரை யார் கையில இருந்தது?"

(தொடரும்)