டெண்டர் வேலைக்கு அப்ளை பண்றீங்களா? ரெஸ்யூமில் ‘காஸ்டிங் தெரியும்’ என்று எழுதினால் மட்டும் போதாது!

சிவகாசியில் பட்டாசும் தீப்பெட்டியும் மட்டுமல்ல, ஆப்செட் அச்சகங்களும் ஏராளம். பாடநூல், நோட்டு, படிவம் என்று அரசு அச்சு வேலைகளைப் பிடிக்க டெண்டர் போடும் அச்சகங்களுக்கு, அதைக் கவனிக்கத் தனியாக ஓர் ஆள் தேவைப்படுகிறது. அந்த வேலைக்கான விளம்பரத்தில் பெரும்பாலும் மூன்று விஷயம் கேட்கிறார்கள்: புரொபோசல் எழுதணும், காஸ்டிங் போடணும், ஆவணங்களைக் கெடு தவறாமல் கொடுக்கணும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். அச்சகத்தில் மூன்று வருடம் டெண்டர் வேலை பார்த்த ஒருவரின் ரெஸ்யூமில் இப்படி இருக்கிறது: ‘டெண்டர் தயாரித்தல், காஸ்டிங், ஆவண வேலை’. மூன்று வேலையும் வந்துவிட்டது. ஆனால் இதைப் படிக்கிற முதலாளிக்கு எதுவும் புரியாது. டைப் அடித்துக் கொடுத்தவரும் இதையேதான் எழுதுவார்.

புரொபோசல் என்றால் கட்டுரை இல்லை

அரசு டெண்டர் பலவும் இரண்டு கவர் முறையில் வரும். ஒன்று தொழில்நுட்பக் கவர், மற்றொன்று விலைக் கவர். முதல் கவரில் தேறினால்தான் விலையைத் திறப்பார்கள். அதனால் இங்கே புரொபோசல் என்பது, டெண்டரில் கேட்ட ஒவ்வொரு நிபந்தனைக்கும் நம்மிடம் என்ன ஆதாரம் இருக்கிறது, அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டுவதுதான். நம்ம ஆள் தன் வரியை இப்படி மாற்றலாம்: ‘டெண்டர் நிபந்தனைகளை அட்டவணையாக்கி, இயந்திர விவரம், ஆண்டு வரவு செலவு, முந்தைய ஆர்டர் சான்று ஆகியவற்றைப் பக்க எண்ணோடு இணைத்தேன்’.

காஸ்டிங்: ஒரு கணக்கு காட்டுங்க

160 பக்கப் புத்தகம், 1 லட்சம் பிரதி என்று வைத்துக்கொள்வோம். 20×30 அங்குலத் தாள் ஒன்றில் 16 பக்கம் வரும். அப்படியானால் புத்தகத்துக்கு 10 தாள், மொத்தம் 10 லட்சம் தாள், அதாவது 2,000 ரீம். 80 ஜி.எஸ்.எம். தாள் என்றால் எடை ஏறக்குறைய 31 டன். 3 சதவீதம் கழிவு சேர்த்தால் 32 டன்னை நெருங்கும். தாள் விலை கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினாலே சுமார் 32 ஆயிரம் ரூபாய் கையைக் கடிக்கும். டெண்டரில் சொன்ன காலம் முழுக்கக் கொடுத்த விலையில் நிற்க வேண்டும் என்பதால், இந்தக் கணக்கு முன்னாடியே தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே ரெஸ்யூமில் ‘தாள் எடை, கழிவு, பிளேட், பைண்டிங், லாரி வாடகை ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்து ஒரு பிரதிக்கான விலை போட்டேன்’ என்று எழுதலாம். பழைய கம்பெனி கொடுத்த ரேட்டை மட்டும் எழுதாதீங்க. அடுத்த கம்பெனியில் நம்ம ரேட்டையும் சொல்லிடுவான் என்றுதான் முதலாளிக்குத் தோன்றும்.

கெடு: நேர்காணலில் மாட்டுவது இங்கேதான்

தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மை விதிகள், 2000-இன்படி, 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குப் பொதுவாகக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்கு மேல் என்றால் 30 நாள். கேட்க நிறைய நாள் மாதிரி இருக்கும். ஆனால் ஆடிட்டர் சான்று, இ.எம்.டி. முன்பணம், டிஜிட்டல் கையெழுத்து எல்லாம் ஒவ்வொரு பக்கத்திலிருந்து வரணும்.

tntenders.gov.in தளத்தில் எல்லாக் கோப்பையும் ஏற்றிவிட்டு, கடைசியில் Freeze Bid Submission பொத்தானை அழுத்தாமல் விட்டால் டெண்டர் போய்ச் சேராது. நேரமும் சர்வர் கடிகாரப்படிதான், உங்க வாட்ச்படி இல்லை. விலை நிரப்பும் BoQ எக்செல் கோப்பின் பெயரையோ அமைப்பையோ மாற்றினாலும் தளம் ஏற்காமல் போகலாம். நடுவில் திருத்த அறிவிப்போடு புது BoQ வந்தால் அதை இறக்கி, விலையை மறுபடி நிரப்பி ஏற்ற வேண்டும். இதையெல்லாம் கையால் செய்தவருக்குத்தான் தெரியும். ‘கெடுவுக்கு முந்தின நாளே ஃப்ரீஸ் செய்து ஒப்புகைச் சீட்டு எடுத்து வைப்பேன்’ என்று எழுதினால், அது உண்மையாக இருக்கிற வரைக்கும், பத்து வரி பெருமையைவிடப் பலன் தரும்.

பட்டாசு ஆலை அலுவலகத்தில் இருந்து வருபவர்களுக்கும் இதில் வழி உண்டு. ‘பெசோ’ உரிமம் எப்போது முடிகிறது என்று பார்த்து, புதுப்பிக்க உரிய நேரத்தில் விண்ணப்பித்தவர் என்றால், அதையே ஆவணக் கெடு அனுபவமாகக் காட்டலாம். ஆனால் டெண்டர் போட்டேன் என்று எழுதக் கூடாது. ‘ஃப்ரீஸ் பண்ணலைன்னா என்ன ஆகும்?’ என்று ஒரே கேள்வி கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மூன்று வரிகளையும் விளம்பரத்தில் இருக்கும் அதே வரிசையில், அதே சொற்களில் மேலே வையுங்கள். விண்ணப்பிக்கக் கடைசி நேரம் மாலை 5 மணி என்றால் 4:55-க்கு அனுப்பாதீங்க. மெயில் வந்த நேரத்தையும் அவங்க பார்ப்பாங்க.