அரையிறுதியில் ஆடாமல் இறுதிக்கு வந்தவர்

1877-ல் விம்பிள்டன் முதன்முதலாக நடந்தபோது போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்கள் 22 பேர். தோற்றவர் வெளியே, வென்றவர் அடுத்த சுற்றுக்கு. விதி அவ்வளவுதான். 22 பேர் 11 ஆனார்கள். பதினொன்றை ஜோடி சேர்க்க முடியாதே? ஒருவரை ஆடாமலே அனுப்பினார்கள், இதற்குத்தான் ‘பை’ என்று பெயர். அப்புறம் 6, அப்புறம் 3. மறுபடியும் ஒற்றைப்படை. இந்த முறை பை கிடைத்தது வில்லியம் மார்ஷலுக்கு. ஸ்பென்சர் கோர் அரையிறுதியில் ஹீத்கோட்டை வென்றுதான் இறுதிக்கு வரவேண்டியிருந்தது. மார்ஷல் சும்மா இருந்தே வந்துவிட்டார். கடைசியில் கோர் 6-1, 6-2, 6-4 என்று ஜெயித்தார். ஆனால் மார்ஷல் தோற்றதால் முறை சரியென்று ஆகிவிடாது.

இதில் பையை ஒழிக்க வழியே இல்லை. 22 என்பது 2, 4, 8, 16, 32 என்ற வரிசையில் வராத எண்; பாதி பாதியாக்கிக்கொண்டே போனால் எங்கேயாவது ஒற்றைப்படையில் இடிக்கும். நம் கையில் இருப்பது ஒன்றுதான்: அதை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பது.

அதைச் சரியாகப் பிடித்தவர் பாக்னல்-வைல்ட் என்பவர். எல்லாப் பைகளையும் முதல் சுற்றிலேயே கொடுத்துத் தீர்த்துவிடுங்கள் என்றார். விம்பிள்டன் 1885-ல் அவருடைய முறைக்கு மாறியது.

அதே 22 பேரை வைத்துப் பார்ப்போம். அடுத்த பெரிய எண் 32. `32 - 22 = 10`, ஆக பத்து பேருக்குப் பை. மிச்சம் 12 பேர் ஆறு ஆட்டங்கள் ஆடுவார்கள். ஆறு பேர் ஜெயித்து வர, காத்திருக்கும் பத்து பேரோடு சேர்ந்து 16. அதற்குமேல் 8, 4, 2. எங்கேயும் இடிக்காது. அட்டவணையில் பைகளில் பாதி மேல் முனையிலும் பாதி கீழ் முனையிலும் வரும். முதல் சுற்று ஆடுகிற பன்னிரண்டு பேரும் நடுவில்.

வேடிக்கை என்னவென்றால், ஆட்டங்களின் எண்ணிக்கை மாறுவதே இல்லை. ஒவ்வொரு ஆட்டமும் ஒருவரை வெளியேற்றுகிறது. 21 பேர் வெளியேறணும். ஆக எந்த முறையிலும் 21 ஆட்டங்கள்தான். பையின் எண்ணிக்கைதான் எகிறுகிறது. பழைய முறையில் இரண்டு, புது முறையில் பத்து. இரண்டு சலுகையைவிட பத்து சலுகை எப்படி நியாயம்?

முதல் சுற்றில் பை வாங்கியவர் 31 எதிரிகளுக்கான கட்டத்தில் ஒரே ஒரு படியைத் தாண்டுகிறார். பட்டத்துக்கு இன்னும் நான்கு ஆட்டங்கள் வெல்லணும். மார்ஷலுக்கு மிச்சமிருந்தது இரண்டே படி. அதில் பாதியை இனாமாக வாங்கிக்கொண்டார். அதுவும் அவரோடு எஞ்சியிருந்த மற்ற இருவரும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டிருந்தபோது.

பின்னாளில் தரவரிசை வந்தபோது சீட்டுக் குலுக்கலில் விழுந்த பை, முன்னணி வீரர்களுக்கான உரிமையாக மாறியது. அது வேறு வாதம். ஆனால் உங்கள் தெருப் போட்டியின் அட்டவணை தேறுமா என்று பார்க்க இன்றும் ஒரே சோதனை போதும்: முதல் சுற்றுக்குப் பிறகு யாராவது ஆடாமல் உட்கார்ந்திருக்கிறார்களா? இருந்தால் அது 1877-ன் அட்டவணை.