மட்டு எண்கணிதம்: கடிகாரமும் கிழமையும்

மட்டு எண்கணிதம் என்பது ஓர் எண்ணைக் குறிப்பிட்ட எண்ணால் வகுத்து, ஈவை விட்டுவிட்டு, மீதியை மட்டும் கொண்டு கணக்கிடும் முறை. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் இதைக் கடிகாரத்தையும் வாரத்தையும் கொண்டே விளக்குகிறது. காலை 9 மணியிலிருந்து 20 மணி நேரம் கழித்து மணி என்ன? 9-உம் 20-உம் 29. அதை 12-ஆல் வகுத்தால் மீதி 5. முள் ஐந்தில் நிற்கும். அதைத் தாளில் 29 ≡ 5 (mod 12) என்று எழுதுவார்கள். அந்த ஐந்து விடிகாலையா மாலையா என்பதை 12-இன் மீதி சொல்லாது. 24-ஆல் வகுத்தால்தான் அது மறுநாள் விடிகாலை 5 என்று தெரியும். மீதி 0 வந்தால் 12 மணி என்று படிக்க வேண்டும்.

கிழமைக் கணக்கில் வகுக்கும் எண் 7. சாதாரண ஆண்டின் 365 நாளை 7-ஆல் வகுத்தால் மீதி 1. அதனால் அதே தேதி அடுத்த ஆண்டு ஒரு கிழமை தள்ளி வரும். பரமத்தி வேலூர் காவிரிக் கரையில் கூட்டம் கூடும் ஆடிப்பெருக்கு 2022-இல் ஆகஸ்ட் 3, புதன்கிழமை வந்தது. 2023-இல் அதே தேதி வியாழன். 2024-இல் வெள்ளி வந்திருக்க வேண்டும், வந்தது சனி. இடையில் பிப்ரவரி 29 நுழைந்து, மீதியை 2 ஆக்கிவிட்டது. 2025-இல் ஞாயிறு. கிழமைக் கணக்கு ஒரு நாள் பிசகினால் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: இடையில் லீப் நாள் இருக்கிறதா, தொடங்கிய நாளையும் சேர்த்து எண்ணிவிட்டோமா. “இன்றைக்கு எட்டாம் நாள்” என்று ஊரில் சொல்லும்போது இன்றும் கணக்கில் உண்டு. கழிந்த நாட்கள் ஏழுதான்.

இரண்டு சுழற்சிகள் எப்போது சந்திக்கும் என்பதையும் மீதி காட்டும். ஒரு வாழைத் தோட்டத்துக்கு 4 நாளுக்கு ஒருமுறை தண்ணீர் முறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று வெள்ளி என்றால் அடுத்தடுத்த முறைகள் செவ்வாய், சனி, புதன், ஞாயிறு, வியாழன், திங்கள் என்று ஏழு கிழமையையும் தொட்டு, 28-ஆம் நாள் மறுபடி வெள்ளிக்கு வரும். ஆனால் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்திரை சாப்பிடுபவருக்குக் கடிகாரத்தில் மூன்றே இடங்கள்தான்: 6, 2, 10. மற்ற மணிகளை அந்தச் சுழற்சி ஒருநாளும் தொடாது. 4-க்கும் 7-க்கும் 1-ஐத் தவிரப் பொது வகுத்தி இல்லை, 8-க்கும் 12-க்கும் 4 பொது வகுத்தி என்பதே வித்தியாசம்.

மட்டு எண்கணிதத்துக்கு இன்றைய குறியீட்டைத் தந்தவர் ஜெர்மானியரான காவுஸ். 1801-இல் வந்த அவரது எண் கோட்பாட்டு நூலில்தான் ≡ என்ற குறி முறையாக இடம்பெற்றது. மீதியைக் கொண்டு எண்ணைத் தேடும் வேலை அவருக்கு மிக முந்தியது. 499-இல் எழுதப்பட்ட ஆரியபடீயத்தில் வரும் ‘குட்டகம்’, இரண்டு வகுப்புகளின் மீதிகள் தெரிந்தால் மூல எண்ணைக் கண்டுபிடிக்கும் முறை. ஆனால் மீதியையே அன்றாடத் தொழிலாக்கியவர்கள் தென்னாட்டுப் பஞ்சாங்கக்காரர்கள் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. வாக்கியப் பஞ்சாங்கம் முழுக்க மீதியால் ஓடுவது.

வாக்கிய முறை கலியுகம் பிறந்த நாளிலிருந்து கழிந்த நாட்களை எண்ணித் தொடங்குகிறது. 2000 ஜனவரி 1 காலையில் அந்த எண் 18,63,079. கலி பிறந்தது வெள்ளிக்கிழமை என்பதால் 7-ஆல் வகுத்து மீதி 0 என்றால் வெள்ளி. இங்கே மீதி 1, சனிக்கிழமை. அன்று சனிதான்.

சந்திரனுக்கு இன்னும் நுட்பமான கணக்கு. சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது விரைந்தும் விலகும்போது தயங்கியும் போகும். இந்த வேகச் சுழற்சி சுமார் 27.5545 நாள். முழு நாட்களில் அடங்காத எண் இது. ஆனால் ஒன்பது சுழற்சிகள் ஏறத்தாழ 248 நாள். அதனால் 248 நாளுக்கும் சந்திரன் நகரும் அளவை 248 வாக்கியங்களாக எழுதி மனப்பாடம் செய்துகொண்டால், கேட்ட நாள் அந்த வரிசையில் எத்தனையாவது என்பது மட்டுமே தெரிய வேண்டும். ஒன்பது சுழற்சி 248-ஐ விடச் சற்றுக் குறைவு. வித்தியாசம் சுமார் கால் மணி நேரம். பலமுறை திரும்பினால் அது கூடிவிடும். அதைச் சரிக்கட்ட 110 சுழற்சிகள் கொண்ட 3,031 நாள், 449 சுழற்சிகள் கொண்ட 12,372 நாள் என்ற பெரிய கண்டங்களை முதலில் கழித்துவிடுவார்கள்.

மேலே சொன்ன நாளுக்கே செய்து பார்க்கலாம். 18,63,079-இலிருந்து தொடக்கக் கண்டமான 16,00,984-ஐக் கழித்தால் 2,62,095. இதை 12,372-ஆல் வகுக்க ஈவு 21, மீதி 2,283. இதில் 3,031 அடங்காது. 248-ஆல் வகுக்க ஈவு 9, மீதி 51. ஐம்பத்தோராம் வாக்கியத்தை எடுக்க வேண்டும். ஈவுகளை இங்கே தூக்கி எறிவதில்லை. ஒவ்வொரு 248 நாளிலும் சந்திரன் முழு வட்டங்கள் போக ஏறத்தாழ 27 பாகை 44 கலை முன்னே போய்விடுகிறது. அதுவும் 360-ஆல் வகுத்த மீதிதான். ஈவுக்கு ஏற்ப அந்த நகர்வுகளை வாக்கியத்தோடு கூட்டினால் சந்திரன் இருக்கும் இடம் வரும். ஜான் வாரன் 1825-இல் சென்னையில் வெளியிட்ட ‘கால சங்கலித’ நூலில், புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, அட்டவணைகளை நினைவிலிருந்தே சொல்லி, அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதைப் பதிவுசெய்திருக்கிறார்.

மீதி மறைப்பது எது என்பதைக் கல்வெட்டு படிப்பவர்கள் நன்கு அறிவார்கள். தமிழ் ஆண்டுப் பெயர் 60-ஆல் வகுத்த மீதி. ஆங்கில ஆண்டிலிருந்து 6 கழித்து 60-ஆல் வகுத்தால் வரிசை எண் கிடைக்கும். மீதி 0 என்றால் அறுபதாவது, அதாவது அட்சய. 2024-இல் 6 போக 2,018, மீதி 38, சித்திரையில் பிறந்தது குரோதி. ஆனால் 1964-உம் குரோதி, 1904-உம் குரோதி. பழைய பத்திரத்தில் ‘குரோதி’ என்று மட்டும் இருந்தால் எந்தச் சுற்று என்று சொல்ல முடியாது. கிழமையும் இருந்தால் வழி பிறக்கும். ஆரியபட முறையில் ஓர் ஆண்டு 365 நாள், 15 நாழிகை, 31 விநாடி, 15 தற்பரை. 7-ஆல் வகுத்தபின் மிஞ்சுவது 1 நாள், 15 நாழிகை, 31 விநாடி, 15 தற்பரை. இதை அறுபதால் பெருக்கி மறுபடி 7-ஆல் வகுத்தால் சுமார் ஐந்தரை நாள் மிஞ்சும். எனவே ஒரு சுற்று பின்னே போனால் ஆடி 18-இன் கிழமை ஐந்தோ ஆறோ நாள் மாறிவிடும். ‘குரோதி, ஆடி 18, சனி’ என்று ஒரு குறிப்பு இருந்தால் அது 2024-க்குப் பொருந்தும்; 1964-இல் அந்த நாள் ஞாயிறு அல்லது திங்களாகத்தான் இருக்க முடியும்.

கிழமையோடு நட்சத்திரமும் திதியும் சேர்ந்தால் பொருந்தும் நாட்கள் இன்னும் குறையும். பாண்டியர், சோழர் கல்வெட்டுகளின் நாட்களை இப்படிச் சரிபார்த்தவர் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை (1865–1925). கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் கிழமை, திதி, நட்சத்திரம் தரும் அவரது பஞ்சாங்கத் தொகுப்பு 1922-இல் வெளிவந்தது. கல்வெட்டுச் சான்றின் நாளைச் சோதிக்க ஆய்வாளர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.