ரெண்டே ரெண்டு ஓட்டம்... உங்கள் வேகத்தின் எல்லைக்கோடு எங்கே?

உங்கள் ஸ்மார்ட் வாட்ச் காட்டும் த்ரெஷோல்டு பேஸை நம்பி ஓடுகிறீர்களா? அது பெரும்பாலும் இதயத்துடிப்பை வைத்துப் போடும் ஓர் உத்தேசக் கணக்குதான். ஒரு 400 மீட்டர் டிராக்கும் ஸ்டாப்வாட்ச்சும் இருந்தால் அதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் கிரிட்டிக்கல் ஸ்பீடு என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். ஒரு குறிப்பிட்ட வேகம் வரைக்கும் உடம்பு சமாளித்துக்கொள்ளும். மூச்சு வாங்கும், ஆனால் ஒரு நிலைக்கு வந்து நின்றுவிடும். அந்த வேகத்தைத் தாண்டினால் எதுவும் நிலைக்கு வராது. ஆக்ஸிஜன் தேவை ஏறிக்கொண்டே போகும், ரத்தத்தில் லாக்டேட் சேர்ந்துகொண்டே போகும். அந்த எல்லைதான் கிரிட்டிக்கல் ஸ்பீடு. அதற்கு மேல் ஓட உங்களிடம் ஓர் அளவான கையிருப்பு உண்டு. அதை மீட்டரில் சொல்வார்கள். தீர்ந்ததும் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும்.

டெஸ்ட் இதுதான்: 1,200 மீட்டர் (3 சுற்று), 3,600 மீட்டர் (9 சுற்று). இரண்டையும் முழு பலத்தோடு ஓட வேண்டும். இரண்டு நாள் இடைவெளி விட்டு, அதே டிராக்கில், அதே நேரத்தில், அதே ஷூவோடு ஓடினால் நல்லது. ஒரே நாளில் முடிக்க வேண்டுமென்றால் நீண்டதை முதலில் ஓடிவிட்டு, அரை மணி நேரமாவது நடந்து, மெதுவாக ஓடி ஆறிய பிறகு அடுத்ததுக்குப் போங்கள். தூரத்துக்கு ஜி.பி.எஸ்ஸை நம்ப வேண்டாம். வளைவுகளில் அது தப்பாகக் காட்டும். உள் லேனில் சுற்றுகளை எண்ணுங்கள்.

ஒருவர் 1,200 மீட்டரை 5 நிமிடம் 15 விநாடியிலும், 3,600 மீட்டரை 17 நிமிடம் 15 விநாடியிலும் ஓடினார் என்று வையுங்கள். தூர வித்தியாசம் 2,400 மீட்டர், நேர வித்தியாசம் 720 விநாடி. வகுத்தால் விநாடிக்கு 3.33 மீட்டர், அதாவது கிலோமீட்டருக்கு 5 நிமிடம். இதுதான் அவருடைய கிரிட்டிக்கல் ஸ்பீடு. இந்த வேகத்தில் 315 விநாடி ஓடினால் 1,050 மீட்டர்தான் வரும். அவர் ஓடியதோ 1,200. மிச்சம் 150 மீட்டர், அதுதான் கையிருப்பு.

த்ரெஷோல்டு பேஸும் இதுவும் ஒன்றா? பலர் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால், சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் வேகம் கிரிட்டிக்கல் ஸ்பீடைவிடக் கொஞ்சம் குறைவு. அதில் 95 சதவிகிதத்தில் ஆரம்பிப்பது நியாயமானது. நம் உதாரணத்தில் கிலோமீட்டருக்கு 5:16 வரும்.

பலரும் கோட்டை விடுவது அந்த 1,200 மீட்டரில்தான். 'சின்ன ஓட்டம்தானே' என்று அடக்கி ஓடி, அதே ஆள் 5:30-க்கு முடித்தால் என்ன ஆகும்? நேர வித்தியாசம் 705 விநாடியாகக் குறையும். கிரிட்டிக்கல் ஸ்பீடு 4:54 ஆக *ஏறிவிடும்*. மெதுவாக ஓடியதற்குப் பரிசு மாதிரி! அதை நம்பினால் த்ரெஷோல்டு ஓட்டத்தை 5:09-ல் ஓடி, ஒவ்வொரு வாரமும் பாதியிலேயே திணறுவார். இதைக் காட்டிக்கொடுப்பது கையிருப்புதான்: 150 மீட்டர் 77 ஆகச் சுருங்கியிருக்கும். அவ்வளவு சின்ன எண் வந்தால் முதலில் 1,200-ஐ மறுபடி ஓடிப்பாருங்கள்.

இதற்கு நேர்மாறும் நடக்கும். 3,600-ல் முதல் இரண்டு சுற்றைப் பறந்துவிட்டு, கடைசியில் தள்ளாடி 17:45-க்கு வந்தால் வேகம் 5:12 என்று குறைவாகவும், கையிருப்பு 192 என்று பெரிதாகவும் காட்டும். அதனால் ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் குறித்துவையுங்கள். முதல் சுற்றுக்கும் எட்டாவது சுற்றுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அந்த டெஸ்ட் செல்லாது.

இரண்டு ஓட்டங்களின் நேரமும் நெருக்கமாக இருக்கக் கூடாது. 5 நிமிடமும் 8 நிமிடமும் என்றால், பத்து விநாடி பிசகுகூட விடையைப் புரட்டிவிடும். சின்னது 2 நிமிடத்துக்குக் குறையாமலும், பெரியது சுமார் 20 நிமிடத்துக்கு மேல் போகாமலும் இருந்தால் போதும்.

இன்னொன்று, இரண்டு புள்ளிகளை வைத்து எப்போதும் ஒரு நேர்க்கோடு போட்டுவிடலாம்; அது சரியா என்று அந்தக் கோடே சொல்லாது. சந்தேகமிருந்தால் ஒரு வாரம் கழித்து 2,400 மீட்டர் ஓடிப்பாருங்கள். நம் உதாரணக்காரர் சரியாக டெஸ்ட் செய்திருந்தால் 11 நிமிடம் 15 விநாடியை ஒட்டி முடிப்பார். அரை நிமிடம் தள்ளிப்போனால் மூன்றில் ஏதோ ஓர் ஓட்டம் முழு பலத்தில் ஓடியதல்ல.

இதயப் பிரச்னை இருப்பவர்கள், சில மாதங்களாவது தொடர்ந்து ஓடிப் பழகாதவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இந்த டெஸ்ட்டில் இறங்க வேண்டாம். மற்றவர்கள் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடினால் போதும்.