உந்தியும் விலாவும்: தம் பிடிப்பதன் வரலாற்றில் ஒரு சிக்கல்

கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்துக் கோயில் விழா ஒன்றில், சாமி புறப்பாட்டின்போது நாகசுரக்காரர் ஒருவரின் விலாவையே பார்த்துக்கொண்டு நடந்தேன். சட்டை இல்லாத உடம்பு. வேண்டியதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. சீவாளியை உதட்டுக்குள் வாங்குமுன் வாயோரமாக ஒரு வேகமான இழுப்பு. விலா அகன்றது, வயிறு முன்னே தள்ளியது. நீண்ட பிடி ஒன்று தொடங்கியதும், நான் எதிர்பார்த்ததற்கு மாறாக, விலா உடனே இறங்கவில்லை. அடிவயிறு மட்டும் தொடக்கத்திலேயே பலகைபோல இறுகிவிட்டது. பாட்டுக்காரர் ஒருவரிடம் இவ்வளவு முன்னதாக அந்த இறுக்கத்தை நான் கண்டதில்லை. இந்த வேறுபாடுதான் இக்கட்டுரையின் தொடக்கம்.

நீண்ட சங்கதியைத் தாங்குவது எது என்று கேட்டால் நம் இசையாசிரியர்கள் பெரும்பாலும் 'நாபி' என்பார்கள். 'நாபியிலிருந்து பாடு' என்ற சொல்லுக்குப் பின்னால் தொல்காப்பியத்தின் பிறப்பியலைக் கொண்டுவந்து நிறுத்துவதும் வழக்கம். அங்கே காற்று 'உந்தி' முதலாகத் தோன்றுவதாகச் சொல்லப்படுகிறது. இளம்பூரணர் முதலாக வரும் உரைமரபு உந்தியைக் கொப்பூழ் என்றே கொண்டது. இக்காலத்தில் அதையே இன்னும் ஒரு படி நீட்டி, உந்தி என்றால் உதரவிதானம், தொல்காப்பியர் அதை அன்றே அறிந்திருந்தார் என்கிறார்கள். உரைமரபோடு எனக்குப் பாதிச் சண்டை. இந்த நீட்சியோடு முழுச் சண்டை.

முதலில் என் பக்கத்துக் குறையைச் சொல்லிவிடுகிறேன். 'உந்தி' என்பதை 'தள்ளி' என்ற வினையெச்சமாகக் கொண்டால் கொப்பூழே வேண்டியதில்லை, தசையின் தள்ளலாக அதைப் படித்துவிடலாம் என்று ஒருகாலத்தில் ஆசைப்பட்டேன். இலக்கணம் இடம் கொடுக்கவில்லை. அடுத்து வரும் 'முதலா' ஒரு பெயரைத்தான் கேட்கிறது. உரையாசிரியர் கொண்ட பொருளே சரி. ஆனால் அது காற்று புறப்படும் இடத்தின் பெயர். காற்றை ஆளும் தசையின் பெயர் அல்ல.

இதற்குத் தொல்காப்பியரே சான்று. அதே இயலின் முடிவில், அகத்தே எழும் காற்றின் அளவை ஆராய்வது அந்தணர் நூலுக்கு உரியது, இங்கே வெளியே இசைக்கும் காற்றின் அளவை மட்டும் சொன்னேன் என்று அவர் விலகிக்கொள்கிறார். உள்ளே நடப்பதைச் சொல்லவில்லை என்று வாக்குமூலம் கொடுத்துவிட்ட ஒருவரின் வாயில் உதரவிதானத்தைத் திணிப்பது நியாயமா? உந்தியை மேற்கோள் காட்டுவோர் இந்தக் கடைசிச் சூத்திரத்தைச் சேர்த்துக் காட்டி நான் பார்த்ததில்லை.

இனி நான் நெடுநேரம் நின்ற இடம். நன்னூலில் அதே செய்தி வருகிறது, உந்தியைக் காணோம். பவணந்தியின் பட்டியல் உரம், கண்டம், உச்சி, மூக்கு என்று மார்பிலிருந்து தொடங்குகிறது. தொல்காப்பியரை அடியொற்றியே நடப்பவர் இங்கே ஒரு சொல்லை விட்டுவிட்டு, உயிரின் முயற்சியால் உள்வளி துரத்தப்படுகிறது என்று வேறொன்றைச் சேர்க்கிறார். இடம் போய் முயற்சி வந்திருக்கிறது. பவணந்தியின் காலம் மூன்றாம் குலோத்துங்கன் (1178–1218) காலத்தை ஒட்டியது. அடுத்த தலைமுறையில் யாதவ அரசன் சிங்கணனின் அவையில் சங்கீத ரத்னாகரம் எழுதிய சார்ங்கதேவரோ, காற்றை நாபி, இதயம், கண்டம், தலை என்ற வரிசையில்தான் ஏற்றுகிறார். ஆக, ஏறக்குறைய ஒரே காலத்தில் இலக்கணக்காரர் உந்தியைக் கைவிடுகிறார், இசைக்காரர் விடாமல் பிடித்துக்கொள்கிறார்.

பவணந்தி ஏன் விட்டார்? அவர் சமணர்; ஒலியை அணுத்திரள் என்று சொல்கிறவர். அணு மார்பில் பட்டு ஒலியாவதாகக் கொண்டால் கொப்பூழுக்கு அங்கே வேலை இல்லை. பாணினீய சிட்சையும் காற்றை மார்பிலிருந்துதான் தொடங்குகிறது. அந்த வழிப் பாதிப்பாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று தீர்க்க முடியவில்லை. பவணந்தி உடலைத் தொட்டுப் பார்த்துத் திருத்தினார் என்று நானும் சொல்லத் துணியமாட்டேன். சொன்னால் நான் குறைகூறும் பிழையையே செய்தவனாவேன்.

ஆனால் தொட்டுப் பார்த்தவர்கள் உண்டு. 1959இல் எடின்பரோவில் டிரேப்பர், லேடஃபோகட், விட்டரிட்ஜ் மூவரும் பேசுவோரின் மூச்சுத் தசைகளின் மின்செயல்பாட்டை மின்முனைகளால் பதிவுசெய்து வெளியிட்டனர். ஒரே மூச்சில் எண்களைச் சொல்லிக்கொண்டே போகவைத்தபோது தெரிந்தது இது: உதரவிதானம் காற்றை உள்ளே இழுக்கும் தசை, வெளியே தள்ளும் வேலை அதற்கு இல்லை. பேச்சு தொடங்கிய சிறிது நேரத்தில் அது ஓய்ந்துவிடுகிறது. முதற்பகுதியில் உழைப்பவை விலா எலும்புகளுக்கு இடையே உள்ள வெளித்தசைகள். அவையும் மூச்சை இழுப்பவையே. இங்கே அவை பிரேக் போடுகின்றன.

ஏன் பிரேக்? நுரையீரல் நிறைய இழுத்து நிறுத்தினால், ஊதிய பலூன்போல அது தானாகவே சுருங்கப் பார்க்கும். அந்த அழுத்தம் ஏறத்தாழ 30 செ.மீ. நீரளவு. மென்மையான பாட்டுக்கு வேண்டியது 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 20ஐ விலா தாங்கிப் பிடிக்காவிட்டால் காற்று கொட்டிவிடும். தொடக்கம் முரடாகி, முடிவு காற்றோசையாகிச் சுருதி இறங்கும். மூச்சு பாதியளவுக்கு வரும்போது சுருக்கமும் தேவையும் சமமாகின்றன. அந்த ஒரு கணம் தசைக்கு ஏறத்தாழ வேலையே இல்லை. அதற்குப் பிறகுதான் விலாவின் உள்தசைகளும் வயிற்றுத் தசைகளும் தள்ளத் தொடங்குகின்றன. கைவைத்துப் பார்த்தால் தெரியும்: நீண்ட அகாரத்தின் முதல் நொடியிலேயே விலா சரிந்தால் அந்தப் பாடகருக்குத் தம் நிற்காது.

இப்போது அந்த நாகசுரக்காரரின் இறுகிய வயிற்றுக்கு வருவோம். இரட்டை நாக்கு உள்ள ஓபோவை ஊத 40 செ.மீ.க்கும் மேலான அழுத்தம் வேண்டியிருப்பதாக மேனாட்டு அளவீடுகள் காட்டுகின்றன. சீவாளி அகலமானது, அந்த எண்ணை அப்படியே ஏற்ற முடியாது. ஆயினும் தேவை 30ஐத் தாண்டினால் நுரையீரலின் தானாகச் சுருங்கும் விசை தொடக்கத்திலேயே போதாது. பிரேக்குக்கு வேலையில்லை, முதல் சுரத்திலிருந்தே வயிறு தள்ளியாக வேண்டும். 'நாபி' என்ற பாடம் ஊதுவோருக்குப் பொருந்துகிறது. வாய்ப்பாட்டுக்காரரிடம் மூச்சின் பின்பாதிக்கே பொருந்துகிறது. முன்பாதி விலாவுடையது. ஊதுவோரின் அனுபவம்தான் பாடுவோருக்கும் பொதுவிதியாக ஏறியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். எழுத்துச் சான்று இல்லாத இடம் இது, இருந்தும் உடலின் கணக்கு இந்தப் பக்கமே சாய்கிறது.

இரண்டிலும் அடங்காத ஒன்று ஒத்து. சுரம் வாசிக்கும் துளைகள் இல்லாத அந்தக் குழலில், அடிப்பகுதித் துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி கூட்டுவார்கள். ஒத்துக்காரர் கச்சேரி முழுதும் ஒலியை அறவிடக் கூடாது. கன்னத்தில் காற்றை அடக்கி, கன்னத் தசையால் அதைக் குழலுக்குள் பிழியும் அந்த ஓரிரு நொடிக்குள் மூக்கால் மூச்சு வாங்கிக்கொள்வார். உந்தியும் இல்லை, விலாவும் இல்லை; அந்த நொடியைத் தாங்குவது கன்னம். எந்தப் பிறப்பியலும் கன்னத்தைச் சொல்லவில்லை. சுருதிப்பெட்டி வந்தபின் ஒத்து மேடையைவிட்டு இறங்கியது. அன்றைக்கு அந்தப் புறப்பாட்டில் சாமிக்கு முன் ஒலித்ததும் சுருதிப்பெட்டிதான்.